எக்ஸெல் விழுங்கிய சைபர்கள்: ஒரு வரி அறிவிப்பும் அதன் பின்னால் உள்ள நான்கு கட்டங்களும்

கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றில் புதிய வசதி சேர்க்கப்படும்போது, அதைத் தயாரித்த நிறுவனம் தன் அலுவலக வாடிக்கையாளர்களுக்கு ஒரு சிறு அறிவிப்பு அனுப்பும். தலைப்பில் ஒரு வரி, கீழே ஒரு படம், அதன் அடியில் இரண்டு வரி விளக்கம், அவ்வளவுதான். பலர் இதனைப் படிப்பதே இல்லை. படிப்பவர்களும் "ஏதோ புதிதாக வந்திருக்கிறது" என்று நினைத்து மூடிவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். 2023 அக்டோபரில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட ஓர் அறிவிப்பு என் பழக்கத்தை மாற்றியது. எக்ஸெல் தானாகச் செய்யும் டேட்டா மாற்றங்களை இனி நீங்களே கட்டுப்படுத்தலாம் என்பதுதான் அதன் சாரம்.

எங்கள் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் அம்மையார் அதைப் படித்துவிட்டு, "சார், அப்போ இனிமே நம்ம அக்கவுண்ட் நம்பர் பிரச்னை வராதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு மாலை முழுவதும் தேவைப்பட்டது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, எக்ஸெல்லில் வீட்டுக் கணக்கோ, உறவினர் முகவரிப் பட்டியலோ போடத் தொடங்கியிருக்கும் உங்களுக்கும் இது ஒரு நாள் தேவைப்படும்.

எக்ஸெல் என்ன செய்கிறது?

உங்கள் எக்ஸெல்லில் ஒரு காலி செல்லில் 044 என்று டைப் செய்து என்டர் தட்டிப் பாருங்கள். சென்னையின் எஸ்.டி.டி. கோட் 44 என்று மாறி நிற்கும். 0452 என்று மதுரைக்குக் கொடுத்தால் 452 கிடைக்கும். எக்ஸெல் கணக்குப் போடுவதற்காக உருவாக்கப்பட்ட புரோகிராம். எண்களை மட்டும் கண்டால் அது கணக்குக்குரிய எண் என்று முடிவு செய்கிறது. கணக்கில் 044-ம் 44-ம் ஒன்றுதான். எனவே முன்னால் உள்ள சைபரை நீக்கிவிடுகிறது. அது ஓர் அடையாள எண், அதில் ஒவ்வோர் இலக்கமும் முக்கியம் என்பது எக்ஸெல்லுக்குத் தெரியாது.

அடுத்து 12E5 என்று டைப் செய்யுங்கள். இது ஒரு கடையின் பொருள் குறியீடாக இருக்கலாம். ஆனால் எக்ஸெல் 1.20E+06 என்று காட்டும். விஞ்ஞானிகள் மிகப் பெரிய எண்களைச் சுருக்கி எழுத E என்ற எழுத்தைப் பயன்படுத்துவார்கள். 12E5 என்றால் 12-க்குப் பின்னால் ஐந்து சைபர், அதாவது 12 லட்சம். உங்கள் பொருள் குறியீடு இப்படி 12 லட்சமாக மாறிவிடுகிறது.

மூன்றாவதாக, JAN1 என்று டைப் செய்தால் அது ஜனவரி முதல் தேதியாகிவிடும்.

நான்காவது மாற்றம்தான் ஆபத்தானது. எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண் ஒன்றைக் கொடுத்தால் கடைசி இலக்கத்தை சைபர் ஆக்கிவிடும். கம்ப்யூட்டர் எண்களைச் சேமிக்கும் முறையில் ஓர் எண்ணுக்கு ஒதுக்கப்படும் இடம் அவ்வளவுதான். பணத்தொகைக்கு இது தாராளமாகப் போதும். வங்கிக் கணக்கு எண், கார்டு எண் போன்றவற்றுக்குப் போதாது.

நான் செய்த தவறு

2022-ல் ஒரு மாதக் கடைசி. எங்கள் சிறு நிறுவனத்தில் 11 பேருக்குச் சம்பளம் போட வேண்டும். வங்கியின் இணைய தளத்தில் ஒரு சி.எஸ்.வி. பைலை ஏற்றினால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பணம் போய்விடும். சி.எஸ்.வி. என்பது, கமா போட்டுப் பிரிக்கப்பட்ட வெறும் எழுத்துகள் அடங்கிய பைல். இதில் செல்லும் இல்லை, வண்ணமும் இல்லை. எட்டுப் பேரின் கணக்கு எண் 11 இலக்கம். மூன்று பேருக்கு வேறு வங்கி, 16 இலக்கம்.

போன மாத பைலை டபுள் கிளிக் செய்தேன். அது எக்ஸெல்லில் திறந்தது. ஒருவரின் சம்பளத் தொகையை மட்டும் திருத்தி, சேவ் செய்து மூடினேன். வங்கித் தளம் பைலை ஏற்க மறுத்தது. மீண்டும் திறந்து பார்த்தால் கணக்கு எண் இருந்த இடத்தில் 4.02E+15 என்று இருந்தது. சி.எஸ்.வி. பைலாக சேவ் செய்யும்போது, திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே எக்ஸெல் எழுதிவைக்கும். அதாவது, சுருக்கமாகத் தெரிந்த எண்ணே பைலுக்குள்ளும் போய்விட்டது.

நல்ல வேளையாகப் பழைய பைலின் பிரதி ஒன்று இருந்தது. இந்த முறை கணக்கு எண் இருக்கும் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, Format Cells பெற்று, Number பிரிவில் Decimal places என்பதை 0 ஆக்கினேன். E மறைந்து முழு எண்களும் தெரிந்தன. "சரியாகிவிட்டது" என்று நினைத்து ஏற்றினேன். தளமும் ஏற்றுக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து இரண்டு பேரின் சம்பளம் திரும்பி வந்துவிட்டது. அப்படி ஒரு கணக்கே இல்லையாம். எட்டுப் பேருக்குச் சரியாகப் போயிருந்தது. 16 இலக்கக்காரர்கள் மூவரில் ஒருவருக்கும் போயிருந்தது. அவருக்கு மட்டும் எப்படிப் போனது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. மூன்று எண்களையும் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது விடை கிடைத்தது. மாதிரிக்குச் சொன்னால், 4021100023456787 என்று இருக்க வேண்டிய எண் 4021100023456780 ஆகியிருந்தது. பணம் போய்ச் சேர்ந்தவரின் கணக்கு எண்ணில் கடைசி இலக்கம் இயல்பாகவே சைபர்! அதனால் அவர் தப்பித்தார்.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 11 இலக்க எண்களும் திரையில் E போட்டுத் தெரிந்தன. ஆனால் உள்ளே அவை முழுமையாக இருந்தன. அமைப்பை மாற்றியதும் திரும்பி வந்தன. 16 இலக்க எண்களில் கடைசி இலக்கம் உள்ளேயே அழிந்துவிட்டது. எந்த அமைப்பை மாற்றினாலும் அது வராது. 12 இலக்கம் கொண்ட ஆதார் எண் முதல் வகையைச் சேர்ந்தது. எக்ஸெல் பைலாகவே சேவ் செய்யும்வரை அதற்குச் சேதமில்லை. E தெரியும் நிலையில் சி.எஸ்.வி. பைலாக சேவ் செய்தால் அதுவும் போய்விடும்.

விஞ்ஞானிகளும் தப்பவில்லை

இது நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. மனித உடலில் உள்ள மரபணுக்களில் சிலவற்றின் பெயர்கள் MARCH1, SEPT1 என்று இருந்தன. எக்ஸெல் இவற்றைத் தேதிகளாக மாற்றியது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், எக்ஸெல் மரபணுப் பட்டியலுடன் வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தத் தவறு இருப்பது தெரியவந்தது. இறுதியில் 2020-ல், மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் அமைப்பு அந்தப் பெயர்களையே மாற்றியது. MARCH1 இப்போது MARCHF1. SEPT1 இப்போது SEPTIN1. ஒரு புரோகிராமுக்காக மரபணுக்களின் பெயர் மாறியது! இதற்குப் பிறகுதான் 2023-ல் எக்ஸெல்லில் இந்த வசதி வந்தது.

அறிவிப்பை எப்படிப் படிப்பது?

இப்போது அந்த ஒரு வரிக்கு வருவோம். இதுபோன்ற அறிவிப்புகளைப் படிக்கும்போது நான் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் கேள்வி: இனி தானாக மாறுமா, அல்லது நான் மாற்ற வேண்டுமா? "கட்டுப்படுத்தலாம்" என்ற சொல்லில் விடை இருக்கிறது. "இனி மாற்றாது" என்று சொல்லவில்லை. அதாவது எக்ஸெல் பழையபடியேதான் நடந்துகொள்ளும். வேண்டாம் என்றால் நீங்கள் போய் நிறுத்த வேண்டும். அறிவிப்பைப் படித்துவிட்டு, பிரச்னை தீர்ந்தது என்று சும்மா இருந்தால் அடுத்த மாதமும் சம்பளம் திரும்பி வரும்.

இரண்டாவது கேள்வி: இது யாருக்கு? இந்த வசதி, மைக்ரோசாப்ட் 365 சந்தா கட்டிப் பயன்படுத்துபவர்களின் விண்டோஸ், மேக் கம்ப்யூட்டர்களுக்காக அறிவிக்கப்பட்டது. ஒரே முறை பணம் கட்டி வாங்கிய 2016, 2019 போன்ற பழைய எக்ஸெல் தொகுப்புகளில் இதைத் தேட வேண்டாம்.

மூன்றாவது கேள்வி: என் கம்ப்யூட்டருக்கு எப்போது வரும்? அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட் வரும் வழியை அலுவலகமே தேர்ந்தெடுக்கும். சில அலுவலகங்கள் உடனுக்குடன் பெறும். சில, மற்றவர்கள் பயன்படுத்திப் பார்த்த பிறகு பல மாதங்கள் கழித்துப் பெறும். எனவே ஒரே அறிவிப்பைப் படித்த இருவரில் ஒருவருக்கு வசதி இருக்கும், மற்றவருக்கு இருக்காது. உங்கள் எக்ஸெல்லின் நிலையை அறிய File கிளிக் செய்து Account என்பதைத் தேர்ந்தெடுங்கள். பதிப்பு எண்ணும், எந்த வழியில் அப்டேட் வருகிறது என்பதும் அங்கே தெரியும். Update Options என்ற பட்டனும் அங்கேயே இருக்கும்.

எங்கே இருக்கிறது?

எக்ஸெல்லைத் திறந்து File, பின்னர் Options கிளிக் செய்யுங்கள். கிடைக்கும் விண்டோவில் இடது பக்கம் Data என்பதைத் தேர்ந்தெடுங்கள். வலது பக்கம் கீழே Automatic Data Conversion என்ற தலைப்பு இருக்கும். அதன் கீழே, நான் மேலே சொன்ன நான்கு மாற்றங்களுக்கும் நான்கு கட்டங்கள் இருக்கும். எல்லாவற்றிலும் டிக் அடையாளம் போடப்பட்டிருக்கும்.

முதல் கட்டம், முன்னால் உள்ள சைபர்களை நீக்குவது பற்றியது. இரண்டாவது, நீண்ட எண்களில் முதல் 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்வது. மூன்றாவது, E என்ற எழுத்தைச் சுற்றி எண்கள் இருந்தால் அதை விஞ்ஞான முறை எண்ணாக மாற்றுவது. நான்காவது, சேர்ந்தாற்போல் வரும் எழுத்தையும் எண்ணையும் தேதியாக்குவது. உங்களுக்கு எது வேண்டாமோ அந்தக் கட்டத்தில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு ஓகே கிளிக் செய்யுங்கள்.

இப்போது சோதித்துப் பாருங்கள். முன்பு பயன்படுத்தாத ஒரு புதிய ஷீட்டில் 044 டைப் செய்யுங்கள். சைபருடன் 044 என்றே நிற்க வேண்டும். செல்லின் இடது ஓரத்தில் அது ஒட்டியிருப்பதையும் கவனியுங்கள். எக்ஸெல்லில் எண்கள் வலது பக்கமும் எழுத்துகள் இடது பக்கமும் நிற்கும். இடது பக்கம் நின்றால் எக்ஸெல் அதை எழுத்தாக வைத்திருக்கிறது என்று பொருள். கண்ணால் பார்த்துத் திருப்தி இல்லையென்றால், பக்கத்துச் செல்லில் கீழ்க்கண்ட பார்முலாவைக் கொடுங்கள்.

```
=ISTEXT(A2)
```

TRUE என்று வந்தால் A2 செல்லில் இருப்பது எழுத்து. FALSE என்று வந்தால் அது எண்ணாக மாற்றப்பட்டிருக்கிறது. கணக்கு எண் பட்டியலை வங்கிக்கு அனுப்பும் முன் இந்த பார்முலாவை மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பார்ப்பது என் இன்றைய பழக்கம்.

அதே இடத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டமும் உண்டு. சி.எஸ்.வி. போன்ற பைலைத் திறக்கும்போது, இந்த மாற்றங்கள் நடக்கப் போகின்றன என்று முன்கூட்டியே சொல்லும் வசதி இது. அப்போது ஒரு சிறு விண்டோ வந்து, மாற்றலாமா வேண்டாமா என்று கேட்கும். கணக்கு எண்கள் உள்ள பைல் என்றால் Don't Convert கிளிக் செய்யுங்கள். யோசிக்காமல் Convert தட்டிவிட்டால் பழைய கதைதான். நான்கு மாற்றங்களையும் நிறுத்த விரும்பாதவர்கள் இந்தக் கட்டத்தில் மட்டுமாவது டிக் இருக்கட்டும்.

அறிவிப்பில் கண்ணில் படாதவை

கணக்கு பார்க்கும் அம்மையாரும் நானும் இதைச் சோதித்தபோது முதலில் எடுத்தது ஊழியர் முகவரிப் பட்டியல். அதில் கதவு எண் 3/4. டைப் செய்ததும் 03-Apr ஆகிவிட்டது. நான்கு டிக்கையும் எடுத்த பின்னரும் அப்படியே! நான்காவது கட்டத்தின் வாசகத்தை மீண்டும் படித்த பிறகுதான் புரிந்தது. JAN1 போல எழுத்தும் எண்ணும் இடைவெளியின்றி ஒட்டி இருந்தால்தான் அது பொருந்தும். நடுவில் இடைவெளி, கோடு, சாய்கோடு வந்தால் எக்ஸெல் இன்னும் தேதியாக எடுத்துக்கொள்ளும். JAN-1 தேதியாகலாம். 3/4 தேதியாகும். 45/67 என்று எந்தத் தேதியிலும் சேராத கதவு எண் மட்டும் தப்பிக்கும். ஆகவே பட்டியலில் பாதி சரியாகவும் பாதி தேதியாகவும் இருக்கும்.

இதற்குப் பழைய வழிதான் மருந்து. டைப் செய்யும் முன்பே அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, Home டேபில் General என்று இருக்கும் பெட்டியை விரித்து Text என மாற்றிவிடுங்கள். ஒன்றிரண்டு செல் மட்டும் என்றால் முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போட்டு '3/4 என்று டைப் செய்யுங்கள். அந்தக் குறி செல்லில் தெரியாது. தேதியான பிறகு Text ஆக மாற்றினால் பயனில்லை. 46000-ஐ ஒட்டிய ஏதோ ஓர் ஐந்து இலக்க எண் தெரியும். எக்ஸெல் தேதிகளை நாள் எண்ணிக்கையாகச் சேமிப்பதே காரணம்.

அடுத்து, இந்த அமைப்பு உங்கள் எக்ஸெல்லில்தான் இருக்கிறது, பைலுடன் போகாது. நீங்கள் கவனமாகத் தயாரித்த சி.எஸ்.வி. பைலை நண்பர் தன் கம்ப்யூட்டரில் திறந்து சேவ் செய்தால், அவருடைய எக்ஸெல் அதைக் கெடுத்துவிடலாம். எக்ஸெல் பைலாக (.xlsx) அனுப்பினால் எழுத்தாகச் சேமித்தது எழுத்தாகவே இருக்கும். அதேபோல் ஏற்கெனவே சேதமான எண்களை இந்த வசதி மீட்டுத் தராது. எங்கள் மூன்று பேரின் கணக்கு எண்களையும் பாஸ்புக்கைப் பார்த்துத்தான் திரும்ப டைப் செய்தோம்.

மாற்றங்களை நிறுத்துவதற்கும் ஒரு விலை உண்டு. எக்ஸெல் அவற்றை எழுத்தாக வைத்துக்கொள்கிறது, எழுத்தைக் கூட்டாது. யாராவது தொகையை 0500 என்று சைபருடன் கொடுத்திருந்தால், SUM பார்முலா அதை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் கூட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது. தொகை மட்டும் குறையும். செல்லின் மூலையில் தெரியும் சிறு பச்சை முக்கோணம்தான் எச்சரிக்கை. தொகை உள்ள செல்லில் அது தெரிந்தால் கவனியுங்கள். கணக்கு எண் உள்ள செல்லில் தெரிந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். அங்கே வரும் Convert to Number என்பதை மட்டும் கிளிக் செய்துவிடாதீர்கள்.

இன்னொன்று: பழைய பட்டியலில் 44 என்றும் புதிய பட்டியலில் 044 என்றும் இருந்தால், VLOOKUP கொண்டு இரண்டையும் ஒப்பிடும்போது #N/A என்றுதான் வரும். இரண்டையும் ஒரே வகைக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும்.

பழைய எக்ஸெல் வைத்திருப்பவர்கள்

உங்களிடம் 2019 தொகுப்பு இருந்தால் சி.எஸ்.வி. பைலை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். காலியான எக்ஸெல் ஷீட்டில் Data டேபில் From Text/CSV தேர்ந்தெடுத்து, பைலைக் காட்டுங்கள். வரும் விண்டோவில் Data Type Detection என்ற பெட்டியில் Do not detect data types என்பதைக் கொடுத்து Load கிளிக் செய்யுங்கள். எல்லாம் எழுத்தாகவே வந்து சேரும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு, சி.எஸ்.வி. பைலைத் திறக்கும்போதே ஒரு விண்டோ வரும். அதில் கணக்கு எண் உள்ள நெடுவரிசையைக் கிளிக் செய்து, அதன் வகையை Text என மாற்றிக்கொள்ளலாம்.

அம்மையாரின் கேள்விக்கு நான் கடைசியில் சொன்ன பதில் இதுதான்: "அக்கவுண்ட் நம்பர் பிரச்னை வராதும்மா, ரெண்டாவது கட்டத்துல டிக்கை எடுத்துட்டா. கதவு எண் பிரச்னை வரும்." அவர் தன் கம்ப்யூட்டரில் முதல் இரண்டு கட்டங்களில் மட்டும் டிக்கை எடுத்தார். முகவரிப் பட்டியலில் கதவு எண் நெடுவரிசையை Text ஆக்கினார். அந்த மாதச் சம்பளப் பைலில் 16 இலக்க எண்கள் உள்ள மூன்று வரிசைகளிலும் ISTEXT பார்முலா TRUE காட்டிய பிறகுதான் வங்கித் தளத்தைத் திறந்தோம். 11 பேருக்கும் பணம் போய்ச் சேர்ந்தது.

உங்கள் எக்ஸெல்லில் இப்போதே 044 டைப் செய்து பாருங்கள். 44 என்று வந்தால், File, Options, Data. மூன்று கிளிக்தான்.